இரைச்சலும் வேகமும்

மாலைப் பொழுதில் யாழ்ப்பாணத்து வீதியொன்றின் ஓரத்திலே சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலனாகும். நம்மைக் கடந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களுள் மிகுந்த ஓசையெழுப்புவது எதுவோ, அதுவே மிகுந்த வேகத்துடன் செல்வதாக நமது செவி நமக்குச் சொல்லுகின்றது. செவி சொல்லுவதைக் கண் சரிபார்ப்பதில்லை. இந்த மயக்கத்தை மூலதனமாகக் கொண்டுதான் 'திறந்த சைலன்சர்' வியாபாரம் நடைபெறுகின்றது.

நமது தமக்கையாரின் மகன் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கின்றான். வீட்டிலிருந்து பாடசாலைக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர். நாள்தோறும் போய்வர உதவும் வண்டி, நூற்றைம்பது சீசீ வலுவுள்ள, காபரேற்றர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள். சென்ற ஆண்டு அதன் சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடையேதுமில்லாத குட்டையான குழாயொன்றைப் பூட்டிக்கொண்டு வந்தான். "மாமா, இப்போது வண்டி காற்றாய்ப் பறக்கிறது" என்றான். நாம் மறுத்துரைக்கவில்லை. மோட்டார் இயந்திரங்களுடன் நெடுங்காலம் பழகியவர்களாதலின், பேசுவதிலும் அளந்து பார்ப்பதே நலமென்று எண்ணினோம்.

கழற்றிய சைலன்சரைத் தமக்கையார் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளரவமற்ற நேரான வீதியிலே, உயர்ந்த கியரில் மணிக்கு நாற்பது கிலோமீற்றரிலிருந்து அறுபது கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு எவ்வளவு நேரம் செல்கிறதென்று கைக்கடிகாரம் கொண்டு கணித்தோம். திறந்த குழாயுடன் ஒன்பது விநாடிகள். பழைய சைலன்சரைப் பூட்டியபின் ஏழு விநாடிகள். மருமகன் கடிகாரத்தை வாங்கித் தானே திரும்பவும் கணித்தான். முடிவு மாறவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்திலே புகைபோக்கும் வால்வு மூடுவதற்குச் சற்று முன்னரே காற்றையும் பெற்றோலையும் உள்வாங்கும் வால்வு திறந்துவிடுகின்றது. அந்தக் கணத்தில் இரண்டு வாயில்களும் ஒருங்கே திறந்திருக்கும். குழாயினுள்ளே வாயு ஒரே சீராக ஓடுவதில்லை. அலையலையாக ஓடி, குழாயின் முடிவிலே மோதி, ஒரு பகுதி திரும்பி வருகின்றது. அந்த அலை எப்பொழுது திரும்ப வேண்டுமென்பதைக் கணக்கிட்டே குழாயின் நீளத்தையும் சைலன்சரின் அறைகளையும் தொழிற்சாலையில் அமைக்கின்றனர். குட்டைக் குழாயைப் பூட்டினால் அந்தக் கணக்குக் குலைகின்றது. இயந்திரம் மிக விரைந்து சுழலும்போது சிறிது நன்மை கிட்டலாம். ஆனால் பாடசாலைக்குப் போகின்றவன் ஓடுகின்ற நடுத்தர வேகத்திலே, எரியவேண்டிய புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகின்றது. இழுவை குறைகின்றது. குறைந்த இழுவையை ஈடுசெய்ய, ஓட்டுபவன் அறியாமலே கைப்பிடியை மேலும் முறுக்குகின்றான்.

குழாய் மாற்றிய சில நாட்களிலே வேறொரு குறியும் தோன்றியிருந்தது. கைப்பிடியைத் தளர்த்தும்போதெல்லாம் குழாயிலிருந்து பட்டாசு வெடிப்பது போன்ற சத்தம் எழுந்தது. இளைஞர்கள் இதை அழகென்று கொள்கின்றனர். எரியாமல் வெளிவந்த கலவை, சூடான குழாயினுள் காற்றைச் சந்தித்து அங்கே எரிவதனால் உண்டாகும் ஓசையே அது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நன்றாக இயங்கும் இயந்திரத்தின் பிளக் முனை வெளிறிய தேநீர் நிறமாயிருக்கும். இதுவோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை எரிகிறதென்பதற்கு அதுவே சாட்சி.

அத்தகைய கலவை மெதுவாக எரியும். புகைபோக்கும் வால்வு திறக்கும் வேளையிலும் தீ அணைந்திராது. அந்த வால்வுக்கு வாய்த்த ஆறுதல் ஒன்றே: மூடியிருக்கும்போது தனது இருக்கையிலே படிந்து சூட்டை இறக்கிவைப்பது. தீயிலே நெடுநேரம் நின்ற வால்வு நன்றாகப் படியாது. படியாத இடத்திலே வாயு கசியும். கசியும் இடம் மேலும் கருகும். இது ஒரே நாளில் நிகழ்வதன்று. காலையிலே வண்டி கிளம்ப மறுப்பதும், உதைக்கும்போது கால் முன்போலத் தடையை உணராமல் இலகுவாக இறங்குவதும் அதன் அடையாளங்கள்.

மருமகன் தனக்குப் பழக்கமான கராஜுக்குச் சென்றான. அங்கிருந்தவர் காபரேற்றரிலே பெற்றோல் செல்லும் பெரிய ஜெட்டையும், இயந்திரம் சும்மா ஓடும்போது பெற்றோல் வழங்கும் சிறிய ஜெட்டையும் ஒருங்கே பெரிதாக்கிவிட்டார். வெடிச்சத்தம் குறைந்தது, பிளக்கோ கரிபிடித்துக் கறுத்தது. தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஒரு கிழமை ஓடி, மீண்டும் அதே விளிம்புவரை நிரப்பி அளந்தோம். முன்னர் லீற்றருக்கு நாற்பத்தெட்டு கிலோமீற்றர் ஓடிய வண்டி நாற்பதுதான் ஓடிற்று. நாளொன்றுக்கு நாற்பத்து நான்கு கிலோமீற்றராக, இருபத்திரண்டு வேலைநாட்களுக்கு முன்னர் இருபது லீற்றர் போதுமாயிருந்தது. இப்பொழுது இருபத்து நான்கு. மாதந்தோறும் நான்கு லீற்றர் பெற்றோல் ஓசையாக மாறிக் காற்றிலே கலந்தது.

இதற்கிடையே வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. நமது நாட்டிலே வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் அனுமதிப்பத்திரம் கிடைக்காது. சைலன்சர் பற்றிய விதியோ புதியதன்று; 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வாகனத்தின் ஓசை அளவு கடவாதிருக்க வேண்டுமென்பது வீதியில் ஓடும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.

பரிசோதனை நாளன்று மாத்திரம் பழைய சைலன்சரைப் பூட்டிக்கொண்டு போனால் தப்பிவிடலாமென்று நண்பர்கள் மருமகனுக்கு யோசனை கூறினர். அவ்வாறே போனான், தேறவில்லை. நமக்கு அது வியப்பளிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, குழாயின் வாயிலே கருவியைச் செருகிக் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கின்றனர். சும்மா ஓடும்போது பெற்றோல் வழங்குவது சிறிய ஜெட். சைலன்சரை மாற்றினாலும் ஜெட் மாறவில்லை. ஆகவே காபனோரொட்சைட்டு எல்லையைத் தாண்டிற்று. வால்வின் கசிவு ஐதரோகாபனையும் உயர்த்தியிருந்தது.

அனுமதிப்பத்திரமில்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. இரண்டு கிழமைகள் அவன் விடியற்காலையிலே பஸ்ஸுக்கு ஓடினான். இயந்திரத்தின் தலையைக் கழற்றியபோது புகைபோக்கும் வால்வின் விளிம்பிலே நகமளவு கருகியிருந்தது. புதிய வால்வு பொருத்தி, இருக்கையிலே தேய்த்துப் படியவைத்து, இடைவெளியைக் கணக்காக அமைத்து, தொழிற்சாலை அளவுள்ள இரண்டு ஜெட்டுகளையும் மீண்டும் இட்டு, பழைய சைலன்சரைப் புதிய வாஷருடன் இறுக்கினார்கள். அந்த மூட்டிலே சிறு கசிவிருந்தாலும் வெடிச்சத்தம் திரும்பிவிடும். செலவுக்குத் தமக்கையார் சிறுபோக நெல் விற்ற பணத்திலிருந்து கொடுத்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மௌனந்தான் அவனை மிகவும் வருத்தியதென்று பின்னர் எம்மிடம் கூறினான்.

காபரேற்றருக்குப் பதிலாக மின்முறையிற் பெற்றோலைச் செலுத்தும் புதிய வண்டிகள் இத்தொல்லையைத் தாமே சரிசெய்துகொள்ளுமென்று சிலர் கருதுகின்றனர். அது ஓரளவே உண்மை. பல வண்டிகளிலே குழாயிலுள்ள உணர்கருவி சீரான ஓட்டத்தின்போது கலவையைத் திருத்தும். கைப்பிடியை முற்றாக முறுக்கும்போது அதன் சொல் எடுபடுவதில்லை. அன்றியும், நச்சு வாயுவை மாற்றும் ஊக்கி அறை பழைய குழாயினுள்ளேயே பல வண்டிகளில் அமைந்திருப்பதால், குழாயுடன் அதுவும் போய்விடுகின்றது.

மருமகனின் வண்டி இரண்டாம் முறை பரிசோதனையிலே தேறிற்று. இப்பொழுது லீற்றருக்கு நாற்பத்தேழு கிலோமீற்றர் ஓடுகின்றது. அந்தக் குட்டைக் குழாயை வாங்குவதற்கு அவனுடைய நண்பனொருவன் வந்து கேட்டான். மருமகன் அதை விற்கவில்லை. நமது கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, அந்த நண்பனையும் அதே வீதிக்கு அழைத்துச் சென்றான்.