மாஜோங் தாளில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள்

புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் எழுத்து வெட்டிய கருங்கல் பாறை ஒன்று இருக்கிறது. செரோக் தோக் குன் கல்வெட்டு என்று பெயர். ஜூலைத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு வந்தாலும் அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவுதான். 1845-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ அதைப் பார்த்துப் பதிவு செய்தார். கல்லில் ஆண்டு எதுவும் இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்து 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்.

அண்ணன் மகள் வரலாற்றுப் பாடத்துக்காக வரைந்த காலக்கோடு இந்தக் கல்லில்தான் தொடங்கியது. அடுத்து 1025, ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்தது. பிறகு 1786, பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது. 1800, நம் ஊர் இருக்கும் எதிர்க்கரையும் கம்பெனிக்குப் போனது. கடைசியில் 1957. ஐந்து கட்டங்களுக்கும் நடுவே ஒரே சாண் இடைவெளி.

“இப்படிப் போட்டாத்தானே சித்தப்பா அழகா இருக்கு?”

அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1025-க்கும் 1786-க்கும் நடுவே 761 ஆண்டுகள், 1786-க்கும் 1800-க்கும் நடுவே வெறும் 14. இரண்டுக்கும் ஒரே சாண் என்றால் அது நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமே. காலம் அதில் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு நீளம் என்று அளந்து முதலில் வரைந்தது யார் என்று அன்று தேட ஆரம்பித்தேன்.

மிகப் பழையது என்று தோன்றும் இந்த வழக்கத்துக்கு வயது முந்நூறுகூட ஆகவில்லை. அதற்கு முன் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அட்டவணைதான் இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் யூசிபியஸ் அரசுகளைப் பத்தி பத்தியாக அடுக்கிய முறையைத்தான் பின்னால் வந்தவர்களும் பின்பற்றினார்கள். 1753-இல் பிரெஞ்சு மருத்துவர் பார்பே-துபூர் ஆண்டுகளுக்குச் சம அளவு கொடுத்து ஒரு வரைபடம் செய்தார். அதன் நீளம் 54 அடி! விரித்து வைக்க இடம் ஏது? பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றி, கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அதை ஒரே பார்வைக்குள் அடக்கியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆக்சிஜன் கதையில் வரும் அதே பிரீஸ்ட்லிதான். அப்போது இங்கிலாந்தின் வாரிங்டனில் ஆசிரியர். 1765-இல் வெளியிட்ட வரைபடத்தில் கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை சீராகப் பிரித்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பேரின் வாழ்நாளை ஆளுக்கொரு கோடாக இழுத்தார். வெளியிட்டவருக்கே தெரியாத 35 ஆண்டுகளுக்கும் முன்கூட்டியே இடம்! என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பிறப்பும் இறப்பும் உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு முழுக் கோடு. தெரியாத இடத்தில் புள்ளிகள்.

எங்கள் கல்லுக்கு வேண்டியது அந்தப் புள்ளிகள்தான்.

இரண்டு மாஜோங் தாள்களை ஒட்டி, 400 முதல் 2000 வரை 160 சென்டிமீட்டர் கோடு போட்டோம். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு. ஆண்டிலிருந்து 400-ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் இடம் கிடைத்துவிடும். கல்வெட்டு ஒரு புள்ளியில் உட்காரவில்லை. 0 முதல் 20 வரை புள்ளிப் பட்டையாகப் படர்ந்தது. 1025 வந்தது 62.5-இல். 1786 அங்கிருந்து நெடுந்தூரம் தள்ளி, 138.6-இல். 1800 அதன் முதுகிலேயே, 140-இல். 1957 வந்தது 155.7-இல்.

உடனே தகராறு: கடைசிப் பதினேழு சென்டிமீட்டரில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இந்த இடத்தில்தான் பலரும் குறிகளை நகர்த்திவிடுகிறார்கள். நகர்த்த வேண்டியது பெயரை, குறியை அல்ல. குறியிலிருந்து மெல்லிய கோடு இழுத்துப் பெயர்களை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி எழுதினோம். அதுவும் போதாமல் 1786 முதல் 1957 வரையிலான 171 ஆண்டுகளை மட்டும் கீழே தனிக்கோடாகப் பெரிதாக்கினோம். அதற்கு ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு ஆண்டு, மொத்தம் 85.5 சென்டிமீட்டர். இரண்டு அளவையும் ஒரே கோட்டில் கலப்பது எனக்குச் சம்மதமில்லை. பார்ப்பவர் கண் ஏமாந்துபோகும்.

கணினியில் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. Excel-இல் Line வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுகளை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் நிறுத்திவிடும். Scatter எடுத்தால்தான் எண்ணுக்குரிய இடத்தில் வைக்கும்.

கல்வெட்டுக்கும் சோழனுக்கும் நடுவே நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. “அப்போ ஒண்ணுமே நடக்கலையா?” என்றாள். மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கில், கோயில்களும் துறைமுகமுமாக இருந்த காலமும் அதற்குள் வருகிறது. நாங்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். சம இடைவெளிப் படத்தில் அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இந்த ஆண்டு உங்கள் பிள்ளையும் காலக்கோடு வரைந்தால், தலைப்புக்குப் பூ வரையும் முன் ஓரத்தில் அளவை எழுதச் சொல்லுங்கள்: 1 செ.மீ. = 10 ஆண்டு.