பதினைந்து கிலோமீட்டர்

எங்கள் ஊர் புதுக்கோட்டை என்று சொன்னால் எல்லோரும் அந்த மாவட்டத் தலைநகரைத்தான் நினைப்பார்கள். இது தூத்துக்குடி திருநெல்வேலி சாலையில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டை. அவர் வீடு தூத்துக்குடியில். நடுவில் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும், பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் 2023 ஆவணியில் நிச்சயம் முடிந்து தையில் கல்யாணம் என்று முடிவானதும், "அதுவரைக்கும் நேர்ல பார்க்க வேண்டாம், போன்ல பேசிக்கோங்க" என்றாள் ஆச்சி.

முதல் இரண்டு வாரம் நாங்கள் பேசியதைப் பேச்சு என்றே சொல்ல முடியாது. "சாப்டாச்சா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." "என்ன சாப்டீங்க?" நாலு நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு பேருமே நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் எனக்கும் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்காத ஒன்றுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: "இனிமே சாப்டாச்சான்னு கேக்க வேண்டாம். இன்னைக்கு என்ன கடுப்பாச்சுன்னு கேப்போம்."

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. அவருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கெழுதும் வேலை. நைட் ஷிஃப்ட் இடைவேளையில், ஒன்பதே முக்காலுக்கு அழைப்பார். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கும். ஒரு நம்பரைத் தப்பாக எழுதிவிட்டு மூணு மணி நேரம் அந்தப் பெட்டியைத் தேடி அலைந்ததைச் சொல்வார். நான் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். பில்லையெல்லாம் மஞ்சப்பையில் கொட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்வேன். இப்படித்தான் அவர் அம்மாவுக்குச் சர்க்கரை என்பதும், தினம் இரண்டு வேளை இன்சுலின் என்பதும், ஊசி போடுவது இவர்தான் என்பதும் தெரியவந்தது. நான் கேட்டு அவர் சொன்னதல்ல. "ஊசி போட்டுட்டு வாரேன், லைன்ல இரு" என்று ஒருநாள் சொன்னபோது தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல்தடவை 'நீங்க' போய் 'நீ' வந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது மட்டும் விசித்திரமாக இருந்தது. முந்தின ராத்திரி ஒரு மணி நேரம் பேசிய ஆள் எதிரில் நிற்கிறார், எனக்கு வாயே வரவில்லை. அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிரவு போனில் "ஏன் பேசல?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுச் சிரித்தோம். எனக்கு அவர் குரல் மட்டும்தான் பழகியிருந்தது, முகம் பழகவில்லை. போன் நட்பின் எல்லை எது என்று அங்கே புரிந்தது.

இன்னொரு எல்லையும் உண்டு. சங்கடமான பேச்சு வந்தால் "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடலாம். ஐப்பசியில் நான் சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் அப்படித்தான் வைத்தார். மறுநாளும் அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கியதில் மூன்றரை லட்சம் பாக்கி இருக்கிறது. நகைக்கடன் இரண்டு லட்சம், சொசைட்டி லோன் ஒன்றரை.

"மாசம் எவ்வளவு போகுது?"

"ஏழாயிரத்து எண்ணூறு."

"சம்பளம்?"

"இருபத்திநாலு."

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். தவணை போக மீதி பதினாறாயிரத்து இருநூறு. அதில் மூன்று பேர் சாப்பிட வேண்டும், இன்சுலின் வாங்க வேண்டும். "அப்போ நான் வேலையை விட முடியாது, உங்க வீட்ல அதைச் சொல்லிருங்க" என்றேன். கொஞ்ச நேரம் லாரி சத்தம் மட்டும் கேட்டது. "நீ கோவப்படுவேன்னு நெனச்சேன்" என்றார். கோபம் இருந்தது. ஆனால் அது கடனைப் பற்றியதல்ல, அந்த இரண்டு நாள் மௌனத்தைப் பற்றியது. அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு இன்னும் லேசாகிவிட்டது.

டிசம்பர் 17 ராத்திரி மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிற்பாடு படித்தோம். கோரம்பள்ளம் குளம் உடைந்து, எங்கள் சாலையும் துண்டானது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாலு நாள் ஒன்பதே முக்காலுக்குப் போன் அடிக்கவில்லை. ஆச்சி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

ஐந்தாம் நாள் லைன் கிடைத்தது. "நல்லா இருக்கியளா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "அத்தைக்கு இன்சுலின்? ஃப்ரிட்ஜ் ஓடாதே?"

"பானைல ஈரமணல் போட்டு உள்ள வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்குத்தான் வரும்."

அப்பா எங்கள் ஊர் மெடிக்கலில் வாங்கி, டிராக்டரில் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

கல்யாணம் தை கடைசியில், பாதி ஆட்களோடு நடந்தது. இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் சில விஷயம் நேருக்கு நேர் சொல்ல வருவதில்லை. அப்போதெல்லாம் நைட் ஷிஃப்ட் வரட்டும் என்று காத்திருப்பேன். ஒன்பதே முக்காலுக்கு, லாரி சத்தத்தோடு அந்தக் குரல் கேட்கும்: "இன்னைக்கு என்ன கடுப்பு?"