சுண்டைக்காய் வத்தலும் 58-ங்கிற நம்பரும்!

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அண்ணி, வீட்டிலிருந்தே வத்தல், வடகம் விற்கிறார். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புவார். சரக்கு காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டிக் கடையிலிருந்து வரும். அதைச் சுத்தம் பண்ணி, வெயிலில் ஒருமுறை காயவைத்து, 100 கிராம் பாக்கெட் போடுவது அண்ணியின் வேலை. அதிகம் போவது சுண்டைக்காய் வத்தல்தான்.

பிரச்னையும் அதில்தான். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை சரக்கு தீர்ந்துபோய், மொத்தம் ஆறு நாள் 'ஸ்டாக் இல்லை' என்று ஸ்டேட்டஸ் போட வேண்டியிருந்தது. வழக்கமாக வாங்கும் சென்னை கஸ்டமர் ஒருவர் அந்த ஆறு நாளில் வேறு பேஜுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. "பேசாம ரெண்டு மூட்டையா வாங்கிப் போட்டுடவா தம்பி?" என்றார் அண்ணி. போடலாம். ஆனால், அண்ணியின் முதல் மொத்தமே சீட்டு எடுத்த பணம். அது மூட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், மோர்மிளகாய்க்கும் கூரியர் கவருக்கும் காசு எங்கிருந்து வரும்?

'எவ்வளவு வாங்கணும்' என்பதைவிட 'எப்ப வாங்கணும்' என்பதுதான் இங்கே கேள்வி. எத்தனை பாக்கெட் மிச்சம் இருக்கும்போது மண்டிக்குப் போன் போட வேண்டும்? அந்த எண்ணுக்குப் பெயர்தான் ரீஆர்டர் பாயின்ட். சரக்கு வந்துசேரும்வரை வழக்கமாக விற்கும் அளவு ஒரு பங்கு. விற்பனை எகிறினாலோ, சரக்கு தாமதமானாலோ சமாளிக்க வைக்கும் உபரி இன்னொரு பங்கு. அந்த உபரிதான் சேஃப்டி ஸ்டாக். இரண்டையும் கூட்டினால் ரீஆர்டர் பாயின்ட்.

அண்ணியின் நோட்டைப் புரட்டி, கடைசி 60 நாள் விற்பனையை போனில் ஷீட்டில் ஏற்றினோம். மொத்தம் 324 பாக்கெட். அறுபதால் வகுத்தால் நாளைக்கு 5.4. ஆனால், அதில் சரக்கே இல்லாத ஆறு நாளும் இருக்கிறது. அன்று விற்பனை பூஜ்யம் என்பதற்கு, யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. கொடுக்க இல்லை, அவ்வளவுதான். அந்த நாள்களைச் சேர்த்தால் சராசரி குறையும், அடுத்த ஆர்டரும் லேட்டாகப் போகும், மறுபடி சரக்கு தீரும். அதனால் ஆறு நாளை எடுத்துவிட்டு 54-ஆல் வகுத்தோம். நாளைக்கு 6 பாக்கெட்.

அடுத்தது லீட் டைம். "அண்ணாச்சி நாலு நாள்ல வந்துரும்னுதான் சொல்வாரு" என்றார் அண்ணி. அவர் சொல்வதை விட்டுவிட்டு, நடந்ததை எண்ணினோம். போன் செய்த நாளிலிருந்து, காயவைத்துப் பாக்கெட் போட்டு அனுப்பத் தயாராகும் நாள் வரை கணக்கு. மண்டியிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் வரை அல்ல. கடைசி ஆறு தடவை 5, 4, 6, 5, 9, 7 நாள்கள். சராசரி 6.

ஆக, காத்திருக்கும் காலத்தில் வழக்கமாக விற்பது 6 x 6 = 36 பாக்கெட். உபரியே இல்லாமல், மிச்சம் 36 இருக்கும்போது போன் போட்டால்? ஏறக்குறைய பாதித் தடவை சரக்கு தீர்ந்துபோகும். ஏனென்றால், சராசரி என்பது நடுப்புள்ளிதானே!

உபரியைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி பலரும் சொல்வார்கள். அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச லீட் டைமால் பெருக்கி, 36-ஐக் கழிப்பது. அண்ணிக்கு ஒரே நாளில் அதிகபட்சம் 14 போயிருக்கிறது. 14 x 9 = 126; கழித்தால் உபரி 90 பாக்கெட். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒன்பது நாளும் தொடர்ந்து 14 விற்கும் என்று பயப்படுகிற கணக்கு இது.

இன்னொரு வழியில், சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். ஷீட்டில் STDEV.S என்று கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். தினசரி விற்பனைக்கு 3, லீட் டைமுக்கு 1.79 வந்தது. பிறகு ஒரு செல்லில் இதைப் போட்டோம்.

```
=1.65*SQRT(6*3^2 + 6^2*1.79^2)
```

விடை 21.5, மேல்நோக்கி 22. அப்படியானால், ரீஆர்டர் பாயின்ட் 36 + 22 = 58. முதல் வழியோடு ஒப்பிட்டால் 68 பாக்கெட் குறைவு. பாக்கெட் அசல் 60 ரூபாய் என்றால், 4,080 ரூபாய் முடங்காமல் கையில் நிற்கும்.

அந்த 1.65 என்பது, 100 தடவை ஆர்டர் போட்டால் சுமார் 95 தடவை, புதுச்சரக்கு வரும்வரை தாங்கும் என்பதற்கான எண். அண்ணி ஒரு தடவைக்கு 20 கிலோ, அதாவது 200 பாக்கெட்டுக்கு வாங்குகிறார். அது 33 நாள் வரும். வருஷத்துக்கு 11 ஆர்டர். இருபதில் ஒன்று தவறும் என்றால், ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 'ஸ்டாக் இல்லை'. "அது பரவால்ல" என்றார் அண்ணி.

ஆனால், அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். விற்பனையின் ஏற்ற இறக்கம் கொடுத்தது 54. லீட் டைமின் ஏற்ற இறக்கம் கொடுத்தது 115. பழியைக் கஸ்டமர்கள் மீது போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு மடங்குக்கு மேல் பிரச்னை மண்டியில்! லீட் டைம் மட்டும் ஆறு நாள் என்று உறுதியாக இருந்தால், உபரி 13 பாக்கெட் போதும்.

காந்தி மார்க்கெட்டுக்குப் போய் அண்ணாச்சியிடம் கேட்டோம். சரக்கு கையில் இருந்தால் மறுநாளே அனுப்புவாராம். இல்லையென்றால் லாரி வரும்வரை காத்திருப்பதால்தான் அந்த 9 நாள். "நீங்க எப்போ சரக்கு சொல்வீங்க?" என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். "அந்த இடத்துல மூணு மூட்டைக்கு வந்துருச்சுன்னா போன் அடிச்சிருவேன் தம்பி." அவருடைய ரீஆர்டர் பாயின்ட் 3 மூட்டை! எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அண்ணி 70 பாக்கெட் இருக்கும்போதே அவருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுகிறார், சரக்கு இருக்கிறதா என்று.

58 என்பது தினமும் எண்ணிப் பார்ப்பவருக்கான எண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணுபவர் என்றால், திங்களன்று 58-க்கு வந்தது ஆறு நாள் கழித்துத்தான் தெரியும். அவர் லீட் டைமோடு 7 நாளைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அட்வான்ஸ் வாங்கி இன்னும் அனுப்பாத பாக்கெட்டுகளையும் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததே, அதற்கெல்லாம் இந்த 22 பாக்கெட் ஈடுகொடுக்காது. ஆறு ஆர்டரில் பார்த்த தாமதத்தை மட்டும்தான் இந்தக் கணக்குக்குத் தெரியும்.

புதுக் கணக்கில் போட்ட முதல் ஆர்டர் 8 நாள் இழுத்தது. அதற்குள் 51 பாக்கெட் விற்றுவிட்டது. புதுச்சரக்கு பாக்கெட் ஆனபோது டப்பாவில் 7 மிச்சம்.

அடுத்து புரட்டாசி. போன வருஷ நோட்டில் அந்த மாதம் மட்டும் நாளைக்கு 9 பாக்கெட் போயிருக்கிறது, விலகல் 4. அதே செல்லில் எண்களை மாற்றினால் உபரி 32, ரீஆர்டர் பாயின்ட் 86. ஆவணி மூன்றாவது வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும் என்று அண்ணி காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே திரும்ப 58 ஆக்க வேண்டும் என்று அதற்குக் கீழேயே இன்னொரு குறிப்பு.