விடுபட்ட ஒட்டுறவைத் தேடி

கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மின்தொகுப்பில் செவிலியர் முதுகலை ஆய்வேடுகளை யாரும் எடுத்துப் படிக்கலாம். பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பயிற்சி முடிந்ததும் அதே தேர்வு, இரண்டையும் ஒப்பிட இணை t-சோதனை என்பது அங்கே பழகிப்போன வடிவம். இத்தகைய ஆய்வுகளில், இங்கே மட்டுமல்ல உலகெங்கும், இரண்டு சராசரி, இரண்டு திட்ட விலக்கம், ஒரு t, பக்கத்தில் p < 0.001 என்பதோடு அட்டவணையை முடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மதிப்பெண் எவ்வளவு கூடியது, அது எந்த எல்லைக்குள் இருக்கலாம், முன்மதிப்பெண்ணும் பின்மதிப்பெண்ணும் எந்த அளவுக்கு ஒட்டிப்போகின்றன என்பவை விடுபட்டுவிடும். கடைசியாகச் சொன்ன ஒட்டுறவுதான் என்னை அதிகம் உறுத்தியது. SPSS-இல் இந்தச் சோதனையைச் செய்தால் Paired Samples Correlations என்று தனி அட்டவணையே வந்து நிற்கிறது. கைக்கு வந்த எண்ணை விடும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்க்க, சோதனை பிறந்த இடத்துக்கே போக வேண்டியிருந்தது.

அந்த இடம் 1908-ஆம் ஆண்டின் 'பயோமெட்ரிகா' இதழ். கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரை அது. குஷ்னியும் பீபிள்ஸும் 1905-இல் வெளியிட்ட தூக்க மருந்து அளவீடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 10 நோயாளிகள், ஒவ்வொருவரும் மருந்தில்லாத இரவுகளைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்று இரு மருந்துகளுக்கும் தனித்தனி எண். மருந்துகளின் பெயர்களை ஸ்டூடண்ட் தவறாக எழுதிவிட்டார் என்பது பின்னாளில் தெரிந்தது; எனவே முதல் மருந்து, இரண்டாம் மருந்து என்றே சொல்கிறேன். வித்தியாசத்தின் சராசரி 1.58 மணி என்றும், இரண்டாவதே மேலானது என்பதற்கான நிகழ்தகவு 0.9985 என்றும் கணக்கிட்டார். இரு அளவீடுகளுக்கும் ஒட்டுறவு உண்டு என்று ஒரு வரியில் சொன்னாலும், அது எவ்வளவு என்று எண் தரவில்லை. அதே ஆண்டில், அதே இதழில் ஒட்டுறவுக் கெழுவின் பிழை பற்றித் தனிக் கட்டுரையே எழுதியவர் அவர். ஆக, முதல் ஆளே அந்த எண்ணை விட்டிருக்கிறார். ஆனால், பத்து பேரின் இரு எண்களையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார். நூறாண்டு கழித்தும் நாமே கணக்குப் போட முடிவது அதனால்தான்.

போட்டுப் பார்த்தால், முதல் மருந்தின் சராசரி 0.75 மணி, இரண்டாவதன் சராசரி 2.33, திட்ட விலக்கம் 1.79, 2.00. இருவேறு குழுக்கள் என்று தவறாக எடுத்துக்கொண்டால் வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி −0.20 முதல் 3.36 வரை ஓடுகிறது. பூஜ்யமும் உள்ளே வருகிறது. ஒரே ஆட்கள் என்று இணைத்தால் அதே 1.58-க்கு இடைவெளி 0.70 முதல் 2.46 வரை. பாதியாகச் சுருங்கக் காரணம் ஒட்டுறவு 0.80 ஆக இருப்பதே. ஒரு மருந்தில் நன்றாகத் தூங்கியவர் பெரும்பாலும் மற்றதிலும் நன்றாகவே தூங்கினார். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துபோனது.

அப்படியென்றால் இடைவெளியிலேயே ஒட்டுறவு அடங்கிவிட்டதே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். கணக்கின்படி அது உண்மைதான். t-யைச் சரியாகக் கொடுத்திருந்தாலே போதும், மீட்டெடுத்துவிடலாம்:

```
s_d = d × √n / t = 1.58 × √10 / 4.06 = 1.23
r = (s1² + s2² − s_d²) / (2 × s1 × s2) ≈ 0.8
```

ஆனால் p < 0.001 என்று மட்டும் எழுதினால் இந்த வழி அடைபடுகிறது. அடுத்த ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுபவரும், பல ஆய்வுகளைத் தொகுப்பவரும் பிறகு ஊகத்தில் ஒரு எண்ணைப் போடுகிறார்கள். இந்தச் சூத்திரம் பிழையையும் காட்டிக்கொடுக்கும். r 1-ஐத் தாண்டினால் அட்டவணையில் ஏதோ ஓர் எண் தவறு. பூஜ்யத்தை ஒட்டி வந்தால், இணைக்காத சோதனையைச் செய்துவிட்டார்களா, பெயர்ப்பட்டியல் வரிசை மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை ஒட்டுறவு காப்பாற்றாது என்ற மறுப்பை ஏற்கிறேன். மதிப்பெண் கூடியது பயிற்சியாலா, அதே வினாத்தாளை மறுபடி எழுதியதாலா என்பதற்கு r பதில் சொல்லாது. எல்லோரும் ஒரேமாதிரி மாறினார்களா என்பதை அது ஓரளவு சொல்லும். ஸ்டூடண்டின் அட்டவணையில் ஒன்பதாம் நோயாளிக்கு முதல் மருந்தில் 0.0, இரண்டாவதில் 4.6. அவரை விட்டுக் கணக்கிட்டால் ஒட்டுறவு 0.94-க்கு ஏறுகிறது, சராசரி வித்தியாசம் 1.24-க்கு இறங்குகிறது; இடைவெளி 0.74 முதல் 1.75 வரை. வித்தியாசம் குறைந்தும் t 4.06-லிருந்து 5.66-க்கு உயர்கிறது. t-யை மட்டும் பார்ப்பவருக்கு இது முன்னேற்றமாகத் தெரியும். காரணமின்றி அவரை நீக்குவது சரியல்ல. ஆகவே நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: இரண்டாம் மருந்தில் தூக்கம் சராசரியாக 1.58 மணி கூடுதல் (95% நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 வரை), t(9) = 4.06, p = 0.003, இரு அளவீடுகளின் ஒட்டுறவு 0.80, n = 10; ஒருவரின் வித்தியாசம் மட்டும் 4.6 மணி, அவரின்றி சராசரி 1.24.