மலையின் விளிம்பு

வைரலான வீடியோ ஒன்று சரிபார்க்க வந்தால், கேமரா ஆடாத நாலைந்து இடங்களில் அதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வேன். அவற்றைக் கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் போட்டுத் தேடுவேன். ஆட்களை வெட்டிவிட்டுப் பின்னணியை மட்டும் தனியாகவும் போட்டுப் பார்ப்பேன். முகம் தெரிந்தால் தேடல் முகத்தின் பின்னாலேயே ஓடிவிடும். வேறு ஊர்ச் சம்பவத்தை நம் ஊர் என்று பரப்பும் புரட்டு பெரும்பாலும் இங்கேயே அகப்பட்டுவிடும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டப்படுவதாகச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை.

ஆனால் இணையத்தில் முன்பே இருக்கும் படத்தைத்தான் இந்தத் தேடல் காட்டும். முதல் தடவையாக வெளிவரும் வீடியோவுக்கு அது கைவிரித்துவிடும். அதிலும் பெயர்ப்பலகை, கடை, வண்டி எண் எதுவும் இல்லாத பொட்டல்வெளி என்றால், உலகத்து மண்பாதைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். அந்த இடத்தில் வேலை வரைபடத்துக்கு மாறுகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது, பிபிசி ஆப்பிரிக்கா ஐ குழு 2018இல் செய்த விசாரணை.

கேமரூனில் எடுத்தது என்று அந்த ஆண்டு ஜூலையில் பரவிய வீடியோவில், இரண்டு பெண்களையும் இரண்டு சிறுபிள்ளைகளையும் சிப்பாய்கள் நடத்திச் சென்று சுட்டுக் கொல்கிறார்கள். போலிச் செய்தி என்றது கேமரூன் அரசு. வீடியோவின் முதல் நாற்பது விநாடிகளில், பின்னால் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. குழு வடக்குக் கேமரூனின் மலைகளோடு அதை மணிக்கணக்கில் ஒப்பிட்டது, பொருந்தவில்லை. கடைசியில் கேமரூன்காரர் ஒருவர், செலவெட் பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தார்கள், பொருந்தியது. பொருந்திய இடம் நைஜீரிய எல்லையிலிருந்து சில நூறு மீட்டரில் இருக்கிறது. கணினியால் ஆகாததை ஊர் அறிந்தவரின் ஒரு வார்த்தை செய்துவிடுவது எங்களுக்குப் பழகிய விஷயம்தான்.

மலையைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூகுள் எர்த்தில் தரைமட்டத்துக்கு இறங்கி நின்றால் மலையின் வடிவம் தெரியும், ஆனால் கூரிய முனைகள் மழுங்கியிருக்கும். அதனால் உயரத்தை நம்பாமல், சிகரங்கள் வரும் வரிசையையும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், கிட்டத்து மலை தூரத்து மலையை எங்கே மறைக்கிறது என்பது. நாம் சில நூறு மீட்டர் நகர்ந்தாலே அந்தச் சந்திப்பு இடம் மாறிவிடும். கேமரா நின்ற இடத்தைக் குறுக்கித் தருவது அதுதான். எதுவுமே ஒட்டவில்லையென்றால் படத்தை இடம்வலமாகத் திருப்பியும் பார்ப்பேன். கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிப்போட்ட வீடியோக்கள் நிறைய வருகின்றன.

மலை பொருந்திவிட்டதே என்று நிறுத்தினால் ஆபத்து. நம் கண் ஒற்றுமையைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆகவே இனி முரணைத் தேட வேண்டும்: வீடியோவில் இருக்கிற, ஆனால் சாட்டிலைட் படத்தில் இல்லாத பொருள் எது? செலவெட் பக்கத்து அந்த இடத்தில் பாதை, கட்டடங்கள், தனித்தனி மரங்கள் வரை ஒத்துப்போயின.

இடம் உறுதியான பிறகுதான் நாளைத் தேட முடியும். வீடியோவில் தெரியும் ஒரு கட்டடம் 2016 பிப்ரவரி வரையிலான சாட்டிலைட் படங்களில்தான் இருக்கிறது, பிறகு இல்லை. இன்னொன்றைச் சுற்றி மதில் தெரிகிறது. 2014 நவம்பர்ப் படத்தில் அந்த மதில் இல்லை, 2015 மார்ச்சில் இருக்கிறது. ஆக, ஏறக்குறைய பதினைந்து மாத இடைவெளிக்குள் கொலை நடந்திருக்கிறது. அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் மட்டும் புலப்படுவது. பிறகு நிழல். நடக்கும் சிப்பாயின் உயரத்தையும் அவர் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டால் சூரியன் எவ்வளவு மேலே நின்றது என்று கணக்கிடலாம். நிழல் விழும் திசை, சூரியன் நின்ற திசையைச் சொல்லும். வரைபடத்தில் இடம் தெரிந்ததால்தான் வீடியோவில் வடக்கு எது என்று தெரிகிறது. இவற்றிலிருந்து குழு எட்டிய முடிவு: 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில்.

பார்ப்பவர்கள் இந்த நிழல் கணக்கைத்தான் வியப்பார்கள். எனக்குப் பிடித்தது ஒற்றையடிப் பாதை. சூரியன் வானத்தில் ஒரே தடத்தை ஆண்டுக்கு இருமுறை கடக்கிறது. மார்ச் கடைசியில் விழும் நிழல் செப்டம்பரிலும் அப்படியே விழும். நிழலை மட்டும் வைத்திருந்தால் இரண்டு மாதங்களுக்கிடையே தடுமாற வேண்டியதுதான். செப்டம்பரை விலக்குவது அந்தப் பாதை.

இதெல்லாம் எங்கே, எப்போது என்பதற்கு மட்டுமே விடை. யார் என்பதற்குக் குழு ஆயுதங்களையும் சீருடைகளையும் வீடியோவில் கேட்ட பெயர்களையும் தனியாக ஆராய வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிப்பாய்கள் சிலர் கைதானதாக அரசு அறிவித்தது. 2020இல் கேமரூனின் ராணுவ நீதிமன்றம் நான்கு பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.