இரண்டு சாக்கு, ஒரே சிமெண்ட்

எங்கள் பக்கம் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு, சிமெண்ட் மூட்டையைத் தட்டிப் பார்ப்பது கைப்பழக்கம்.

2015-இல் மாப்பிள்ளை அரியலூரில் வீடு கட்டினார். 2014-இல் அரசு அறிவித்த அம்மா சிமெண்ட் திட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. மூட்டை 190 ரூபாய். 1500 சதுர அடிக்குள் கட்டுபவர்களுக்கு மட்டும். 100 சதுர அடிக்கு 50 மூட்டை வீதம் அதிகபட்சம் 750 மூட்டை. தனியார் ஆலைகளிடம் அரசு சிமெண்ட் வாங்கி, தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகமான டான்செம் மூலமாக, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குகளில் விற்றது. மாப்பிள்ளை எழுதிக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார்.

மேஸ்திரி மூட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஐயா, பூச்சுக்கு வேணா இதைப் போடலாம். காங்கிரீட்டுக்கு வேணாம். நான் எப்பவும் போடுற கம்பெனி மூட்டையே வாங்கிக் கொடுங்க. விலை கம்மின்னா சரக்கும் கம்மிதானே?"

நான் வாதாடவில்லை. அவருக்குப் பிடித்த கம்பெனி மூட்டை ஒன்றையும் அம்மா சிமெண்ட் மூட்டை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். தயாரித்தவர் பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே உரிம எண், நிகர எடை 50 கிலோ, எந்த வாரத்தில் அடைத்தது என்ற குறிப்பு. இரண்டிலும் ஒரே ஆலை. இரண்டுமே சாம்பல் கலந்த பி.பி.சி. ரகம், ஐ.எஸ். 1489. உரிம எண்கூட ஒன்றுதான். அந்த எண்ணை ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள்.

வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கடை மூட்டை அடைத்து இரண்டு வாரம்; எங்கள் மூட்டை ஏழு வாரம். சிமெண்ட் ஈரக்காற்றைக் குடித்தால் வலு குறையும். மூன்று மாதம் தாண்டினால் சோதித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். ஏழு வாரம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. கையை உள்ளே விட்டுப் பார்த்தோம். கட்டி தட்டவில்லை, குளிர்ச்சியாக இருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கலவை போட ஆரம்பித்தார். தளம் இன்றுவரை ஒழுகவில்லை.

ஒரே சரக்கை இரண்டு கூட்டத்துக்கு இரண்டு முகத்தோடு விற்கலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு சாக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன. விற்கலாம். ஆனால் விலை ஏன் வேறு என்பதற்குச் சரக்குக்கு வெளியே ஒரு காரணம் இருக்க வேண்டும். அது வாங்குபவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். அம்மா சிமெண்டில் காரணம் இருந்தது: சிறிய வீடு கட்டுபவருக்கான திட்டவிலை, அதற்கொரு வரம்பு. ஆனால் அந்தக் காரணம் மேஸ்திரியின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விலை மட்டும்தான். அதனால் மலிவு என்பது மட்டம் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். வீட்டுக்காரருக்குச் சொன்ன செய்தியை, மூட்டையைப் பிரிக்கிற ஆளுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

டான்செம் கதையும் இதே மாதிரிதான். அரியலூரில் அதன் ஆலை 1979-லிருந்து ஓடுகிறது. 'அரசு' என்ற பெயரில் அதன் சிமெண்டைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறோம். 2021 நவம்பரில் 'வலிமை' என்ற புதுப் பெயரும் வந்தது. 'அரசு' என்றால் எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு பழகிய நம்பிக்கை. 'வலிமை' என்பது வீடு கட்டுபவரைப் பார்த்துச் சொல்வது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்காத வரைக்கும் சங்கடமில்லை. ஒரு சாக்கு "நானே உறுதி" என்று சொல்லி, அதே வீட்டுப் பிள்ளையான இன்னொரு சாக்கைத் தாழ்த்தினால் அன்றைக்கே குடும்பம் இரண்டாகிவிடும்.

பேரனுக்குக் காதுகுத்து அந்த வீட்டில்தான் நடந்தது. மேஸ்திரியும் வந்திருந்தார். அடுத்த தெருவில் வேலையாம். "ஐயா, இப்பல்லாம் மூட்டை வந்தா மொதல்ல வாரத்தைப் பாத்துடறேன்" என்றார். அதுதான் சரி. பெயரை முன்பக்கம் படியுங்கள். சரக்கைச் சின்ன எழுத்தில் படியுங்கள்.