பத்து மணி டோக்கன்

பென்னாகரத்தில் ஒரே டாக்டர் பார்க்கும் சின்ன கிளினிக்கில் டோக்கன் போன் என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு எடுக்க ஆரம்பிப்பேன். டாக்டர் வர ஒன்பதரை ஆகிவிடும். அந்த இடைவெளிக்காக அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதன்படி எந்த போனும் மூன்றில் ஒன்றில் முடிய வேண்டும்: 108, இன்றைக்கே வரச் சொல், டோக்கன் போடு.

போன் செய்கிறவர்கள் வீட்டிலேயே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். கேஸ், பித்தம், சூடு. சேர்ந்த புதிதில் அந்தப் பெயரையே நோட்டில் எழுதிக்கொள்வேன். "கேஸுங்க, நெஞ்சைக் கரிக்குது, சாயங்காலம் வரேன்" என்ற ஒருவருக்கு ஆறு மணி டோக்கன் போட்டேன். வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. டாக்டர் ஈசிஜி எடுத்த கையோடு தருமபுரிக்கு அனுப்பினார். மறுநாள் வந்ததுதான் இந்த அட்டை. என்ன நோய் என்ற கேள்வியே அதில் கிடையாது.

முதலில் போன் நம்பரும் ஊரும். மலைப்பக்கம் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு நம்பரைக் கேட்க மறந்தால் தொலைந்தோம். அடுத்தது, "போனை அவருகிட்டயே குடுங்க." ஒரு வரியைச் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா, நடுவில் மூச்சு வாங்குகிறதா, நாக்கு குழறுகிறதா என்பது பத்து நொடியில் காதுக்குத் தெரிந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, நினைவு தப்புதல், வாய் கோணல், நிற்காத ரத்தம் என்றால் மேற்கொண்டு கேள்வியே வேண்டாம், 108தான். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டோக்கன் தீர்ந்திருந்தாலும் உடனே தூக்கி வரச் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஏழே காலுக்கு ஏரியூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "மாமனாருக்கு விடிகாலையில இருந்து வயித்து வலிங்கக்கா. ரெண்டு வாட்டி வாந்தி. பத்து மணிக்கு ஒரு டோக்கன் போடுங்க."

வயிற்று வலிக்கு இன்றைக்கே வரச் சொன்னால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மழைக்காலத்து விடிகாலை வயிற்று வலிக்கு அட்டையில் தனியாக ஒரு கேள்வி உண்டு.

"ராத்திரி எங்கம்மா படுத்திருந்தாரு?"

"திண்ணையிலதான். பாயைப் போட்டு."

"எதாவது கடிச்சுதா?"

"பூச்சி ஏதோ சுருக்குனுதுன்னாரு. பார்த்தா ஒண்ணுமில்ல."

பாம்பு என்ற சொல்லை ராத்திரியில் வாயில் எடுக்காத வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பூச்சி என்றால் எறும்பாகவும் இருக்கலாம், கட்டுவிரியனாகவும் இருக்கலாம். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்று வலியும் வாந்தியும்தான் பலருக்கு முதலில் வரும். பிறகு இமை சரியும், எச்சில் இறங்காது, கடைசியில் மூச்சு விடும் தசையே ஓய்ந்துவிடும்.

"அவரைக் கண்ணை நல்லா திறந்து மேல பார்க்கச் சொல்லும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தூக்கக் கலக்கமா இருக்காருக்கா. இமை பாதிதான் ஏறுது."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"டோக்கன் வேண்டாம்மா. வச்சிட்டு உடனே உன் போன்லயே 108 போடு. பாம்பு கடிச்சிருக்கலாம், இமை சரியுதுன்னு சொல்லு." அவள் போனிலேயே போடச் சொன்னதற்குக் காரணம், வண்டிக்காரர் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவது அந்த நம்பரைத்தான். "இறுக்கிக் கட்டாத, கீறாத, நடக்க விடாத. தண்ணிகூடக் குடுக்காத, தொண்டையில் இறங்காது. ஒருக்களிச்சுப் படுக்க வை." சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பதற்றத்தில் கேட்பவர்களுக்குக் 'கட்டாதே' என்பது 'கட்டு' என்றுதான் பதியும்.

உடனே டாக்டரையும் எழுப்பினேன். விஷமுறிவு மருந்து போட்டாலும் செயற்கை சுவாசம் தேவைப்படலாம், தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போகட்டும் என்று அந்தப் பெண்ணிடமும் வண்டியில் இருந்தவரிடமும் அவரே பேசினார்.

என் சந்தேகம் பொய்யாகியிருந்தால்? அப்படியும் நடந்திருக்கிறது, திட்டும் வாங்கியிருக்கிறேன். அட்டையிலிருப்பதைவிட ஒரு படி மேலே தள்ள எனக்கு உரிமை உண்டு, கீழே இறக்க இல்லை. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று போனில் சொல்லக்கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிப் பழகிய நாக்குக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே பெண் போன் செய்தாள். மாமனாருக்குச் சுகர் பார்க்க வேண்டுமாம். கண், மூச்சு, பேச்சு எல்லாம் கேட்டேன். பின்னாலிருந்து அவரே, "நல்லாத்தான் இருக்கேன், நம்பரைப் போடும்மா" என்று சத்தம் போட்டார். வியாழக்கிழமை, பன்னிரண்டாம் நம்பர்.